மூக்கு இறங்காத டி-வால் கிளைடர்

“சாட்ஸ்வொர்த்தில் பறக்கவிட்ட என் டி-வால் கிளைடர் மூக்கைத் தூக்கியபடியே தட்டையாக விழுந்தது. எலிவேட்டரைக் கீழே தள்ளியும் பலனில்லை. சர்வோ பழுதா?”

தரையில் ஸ்டிக்கைத் தள்ளிப் பாருங்கள், தம்பி. எலிவேட்டர் முழுதாக இறங்கினால் சர்வோ சரிதான். சாதாரணப் பறப்பில் இறக்கையைக் கடந்த காற்று, உயரத்தில் இருக்கும் வாலுக்குக் கீழே போய்விடும். மூக்கு மிகவும் தூக்கி இறக்கை ஸ்டாலானால், அதன் மேற்பரப்பிலிருந்து பிய்ந்த, வேகமிழந்த கலங்கல் காற்று நேராக வாலின்மேல் படரும். எலிவேட்டர் அசையும், அதற்குப் பிடி கிடைக்காது. 1963-இல் பிஏசி ஒன்-லெவன் விமானம் சோதனைப் பறப்பில் இப்படித்தான் சிக்கி விழுந்தது, பாவம், 7 பேர் இறந்தார்கள். அப்போது எடைமையம் பின்தள்ளி இருந்தது. உங்கள் கிளைடரிலும் அதைத்தான் சந்தேகிக்கிறேன். பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். போதாவிட்டால் மூக்கில் கொஞ்சம் ஈயம் வையுங்கள். அப்புறம் நல்ல உயரத்தில் மெதுவாக ஸ்டால் செய்து பாருங்கள், மூக்கு தானாகவே விழ வேண்டும்.