மூன்றாவது சுற்று முடியாத கனவு

"அப்பா இறந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும், நானும் திரும்பிவிட்டேன். இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது விடியற்காலையில் ஒரே கனவு. சுடுகாட்டில் நிற்கிறேன். தம்பி கொள்ளிக்குடத்தோடு சுற்றுகிறான். அரிவாளால் கொத்துகிறார்கள், தண்ணீர் வரவில்லை, மூன்று சுற்று முடியவே இல்லை. அப்பாவும் கூட்டத்தில் நின்று பார்க்கிறார். நான் அழவில்லை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார் மாமியார். சாவைக் கனவில் கண்டால் நல்லது நடக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டில் இன்னொரு சாவு வருமா? என் மனம் கல்லாகிவிட்டதா?"
— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் கனவுக்கும் இனி நடக்கப்போகும் எந்தச் சாவுக்கும் தொடர்பில்லை. அக்கா சொல்லும் நல்லதுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் உங்கள் மாமியார் விடியற்காலையைக் குறித்துச் சொன்னதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில்தான் தெளிவான, கதைபோல நீளும் கனவுகள் மிகுதியாக வருகின்றன. தூங்கத் தொடங்கி ஏறத்தாழ 90 நிமிடங்கள் கழித்து முதன்முறை வரும் அந்தக் கட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரவு நீள நீள அதுவும் நீண்டு, விடியும் வேளையில் அரை மணி நேரத்தையும் தாண்டக்கூடும். அந்த நேரத்தில் சேவலோ பால்காரரோ எழுப்பிவிட்டால் கனவு அப்படியே நினைவில் தங்கிவிடுகிறது. விடியற்காலைக் கனவுக்கு நம் ஊரில் இத்தனை மதிப்பு வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கம்பனின் திரிசடை, தலையில் எண்ணெய் வழிய, சிவப்பு ஆடையோடு, கழுதையும் பேயும் பூட்டிய தேரில் இராவணன் தென்திசை போவதாகக் கனாக் கண்டாள், அது பலித்தது. ஆனால் அங்கே கதையின் முடிவு கவிஞருக்கு முன்பே தெரியும்; நம் உறக்கத்துக்கு அப்படி எதுவும் தெரியாது.

நீங்கள் பார்த்தே இராத சுடுகாடு உங்கள் கனவுக்குள் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனவு நடந்ததை நடந்தபடி திரும்பக் காட்டுவது மிக அரிது. விழிப்பில் நடந்தவற்றையும் கனவுகளையும் தொடர்ந்து எழுதச் செய்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது; அதில் நடந்த நிகழ்ச்சி அப்படியே மீண்டும் வந்த கனவுகள் நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான். மற்றவை துண்டு துண்டானவை: ஓரிடத்துத் தரை, வேறு நாளின் கூட்டம், யாரோ சொன்ன ஒரு வாக்கியம். உங்கள் கனவில் தம்பி நடக்கும் தரையை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். அது படித்த பள்ளிக்கூடத்து மைதானமாகவோ திரைப்படத்தில் பார்த்த ஆற்றங்கரையாகவோ இருக்க வாய்ப்புண்டு. பார்க்காத இடத்தை மனம் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டியிருக்கிறது.

குடத்துக்கு வருவோம். அந்தச் சடங்கின் அமைப்பே முடிவை நோக்கி நகர்வதுதான். நீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கொள்ளி வைப்பவர் சுற்றிவர, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை விழுகிறது, நீர் குறைகிறது, மூன்றாவது சுற்றில் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்து, திரும்பிப் பாராமல் கொள்ளி வைக்கிறார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பால் தெளிக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு இவை கண்ணால் கண்ட நிகழ்ச்சிகள். உங்களுக்கோ குளிப்பாட்டியதும் வாய்க்கரிசி போட்டதும் ஒப்பாரியும் உண்டு. அதன்பின் தெருமுனை, அதன்பின் வீட்டைக் கழுவிவிட்ட ஈரம், அவ்வளவுதான். முடிவு உங்களுக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. பார்க்காத அந்தப் பகுதியை முடித்துவைக்கத் தெரியாமல் கனவு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது என் ஊகம். இது சரியா என்று நீங்களே சோதிக்கலாம்: விழித்ததும் நெஞ்சில் நிற்பது பயமா, அல்லது "இன்னும் முடியவில்லையே" என்ற தவிப்பா? இரண்டாவது என்றால் என் ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்பா தம் இறுதிச் சடங்கைத் தாமே பார்த்துக்கொண்டு நிற்பது முதல் ஆண்டில் பலருக்கும் வரும் காட்சி. அந்த உறக்கக் கட்டத்தில், முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும் முன்மூளைப் பகுதியின் வேலை குறைந்தும், உணர்ச்சியைக் கையாளும் பகுதிகளின் வேலை கூடியும் இருப்பதால், "இறந்தவர் எப்படி நிற்கிறார்?" என்ற கேள்வி உள்ளேயே எழுவதில்லை.

அழாமல் நிற்பதைப் பற்றி ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஃபிராய்டிடம் வந்த ஓர் இளம்பெண், தன் அக்காவின் இளைய மகன் கார்ல் சிறிய சவப்பெட்டியில் கைகோத்துக் கிடப்பதாகவும், சுற்றிலும் மெழுகுவத்திகள் எரிவதாகவும் கனவு கண்டாள். துளியும் துக்கம் வரவில்லை. குழந்தையின் சாவை விரும்பும் அளவுக்கு நான் கெட்டவளா என்று கேட்டாள். விசாரித்ததில், மூத்த பையன் ஓட்டோ இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அவள் மனத்தில் இருந்த ஒருவரும் இருந்தார் என்பது தெரிந்தது. அவரை மறுபடி பார்க்கும் ஏக்கம் இன்னொரு சவப்பெட்டியைத் துணைக்கு அழைத்திருந்தது. எல்லாக் கனவும் ஆசைதான் என்ற ஃபிராய்டின் முடிவை நான் ஏற்பதில்லை. ஆனால் காட்சியை விட்டுவிட்டு உணர்ச்சியைப் பிடித்துக்கொள் என்று இந்த நிகழ்ச்சி கற்றுத்தருவதை ஏற்கிறேன். சாவு வீடு என்பது சொந்தபந்தம் முழுவதும் ஒன்றுகூடும் இடம். கனவு அதை வேறு காரியங்களுக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. உங்கள் கனவில் நீங்கள் செய்துகொண்டிருப்பது காத்திருப்பது. காத்திருப்பவர் அழுவதில்லை. அதனால் மனம் கல்லாகிவிட்டது என்று பொருளில்லை.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவதாக, தம்பியை உட்காரவைத்து அன்றைய நாளைத் தெருமுனையிலிருந்து தொடங்கிச் சொல்லச் சொல்லுங்கள்: யார் தூக்கினார்கள், குடத்தைக் கொத்தியது யார், உடைந்த சத்தம் கேட்டதா, மறுநாள் பால் தெளிக்கும்போது மழை பெய்ததா. உங்கள் வீட்டு வழக்கம் இடம்கொடுத்தால் ஒரு பகல் வேளையில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டும் வரலாம். அடுத்த மாதம் தலைத்திவசம் வருவதால், அதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது; அந்த நாட்களில் இத்தகைய கனவுகள் கூடுவது வழக்கம்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்கு உளவியல் மருத்துவத்தில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் ஒரு பயிற்சி. பகலில் கனவை ஒரு தாளில் எழுதி, முடிவை மட்டும் மாற்றுங்கள். உதாரணமாக: முதல் துளையில் நீர் பீறிடுகிறது, மூன்றாவது சுற்றில் குடம் உடைகிறது, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைவிட்டு நடக்கிறார், நீங்கள் மறுபக்கம் வீட்டுக்கு நடக்கிறீர்கள். பழைய முடிவைத் தொடாமல், இந்தப் புதிய வடிவத்தை மட்டும் தினமும் பத்து நிமிடம் கண்மூடி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு, மூன்று வாரம் ஆகும். சிலர் அப்பா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டதாக முடிவை மாற்றுகிறார்கள். அவர்களுக்கு விழித்ததும் ஏமாற்றம் இரட்டிப்பாவதைக் கண்டிருக்கிறேன், அதைத் தவிருங்கள்.

கனவுக்குப் பயந்து தூங்காமல் இருக்கத் தொடங்கினாலோ, ஓராண்டு கடந்தும் அப்பாவைப் பற்றிய ஏக்கம் நாளின் பெரும்பகுதியைத் தின்று சமையலோ வேலையோ ஓடாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகள் கனவுகளைக் கூர்மையாக்கக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்.