குடோன் ஒப்பந்தம்: ரேக் பாரம், லோடிங் நேரம், தீயணைப்பு வழி – கேள்வி பதில்

பீன்யா, வாடகைதாரர்: தரை சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கும்னு ஓனர் எழுதித் தர்றார். எங்க ரேக்குக்கு அது போதும்தானே சார்?

போதாது. அது சரக்கைத் தரையில் பரப்பி அடுக்குவதற்கான கணக்கு. ரேக்கோ மொத்த பாரத்தையும் கால்களில் இறக்கும். ஒரு பேலட் 800 கிலோ, பீமுக்கு 2 பேலட், 4 அடுக்கு பீம் என்றால், இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் வரும் ஒரு பே-க்கு 6,400 கிலோ. வரிசை நடுவில் நிற்கும் ஃப்ரேம் இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி வாங்குவதால் அதற்கும் 6,400, காலுக்கு 3,200. அது உட்காருவது 15 செ.மீ. சதுரத் தகட்டில். 5 டன் கணக்கில் அந்தத் தகட்டின் பங்கு 112 கிலோதான்! அதற்காகத் தரை உடைந்துவிடும் என்றில்லை. கான்கிரீட் பாரத்தைச் சுற்றிலும் பரப்பும். எவ்வளவு என்பதைத் தரையின் கனத்தையும் அடி மண்ணையும் பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் ‘காலுக்கு இத்தனை கிலோ, தகடு இந்த அளவு, தரை ஜாயிண்டிலிருந்து இவ்வளவு தள்ளி’ என்று எழுதி, ரேக் வரைபடத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தகட்டைச் சுற்றி வளையமாக விரிசலோ, ஜாயிண்ட் ஓரம் பெயர்வதோ தெரிந்தால் அந்த பே-யைக் காலி செய்யுங்கள்.

ஹொசகோட்டே, ஓனர்: ரேக் கம்பெனிக்காரங்க லோடு போர்டு மாட்டிட்டாங்க. பேலட் அதுக்குள்ளதான் இருக்கு. பேப்பர்ல வேற எதுக்கு?

பாதி சரி. போர்டு ரேக்கைப் பற்றியது, உங்கள் தரையைப் பற்றியதல்ல. அதோடு, உயரமான பெட்டி வந்ததென்று கீழ் பீமை மேலே ஏற்றினால் காலின் பிடிமானமில்லாத நீளம் கூடி, அதே ஃப்ரேம் தாங்கும் பாரம் குறையும். பழைய போர்டோ மாறாமல் தொங்கும். ‘பீம் மாற்றினால் புது போர்டு வரும்வரை அந்த பே காலி’ என்ற ஒரு வரி போதும்.

பொம்மசந்திரா: தீயணைப்பு வழின்னா எக்ஸ்டிங்விஷர்தானே? எங்ககிட்ட 12 இருக்கு.

அது வேறு. இங்கே பேச்சு தீயணைப்பு வண்டி உள்ளே வரும் வழியைப் பற்றி. உங்கள் 12-ம் சுவரிலேயே இருக்க, வாசலில் கன்டெய்னர் நின்றால் வண்டி நுழையாது. லோடிங் நேரத்தோடு இதையும் ஒரே ஷரத்தில் எழுதுங்கள்: ஒரே சமயம் எத்தனை லாரி, காத்திருப்பது எங்கே, 6 மீட்டர் அகலம் எப்போதும் காலி, ஹைட்ரண்ட் முன் எதுவும் நிற்காது. வரைபடத்தில் காட்டி, தரையில் மஞ்சள் கோடும் போடுங்கள்; கோடு இல்லாவிட்டால் டிரைவர் ஒப்பந்தத்தைப் படிக்கப்போவதில்லை.

பீன்யா, வாடகைதாரர்: ஊருக்குள்ள பகல்ல லாரியைத் தடுத்து நிறுத்துறாங்க, ராத்திரி 11-க்கு மேல செக்யூரிட்டி கேட் திறக்கிறதில்ல. காத்திருப்புக் காசு யாருக்கு?

இதற்குப் பொது விதி இல்லை. எழுதாவிட்டால் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். கேட் சாவி, இரவுக் காவலர் சம்பளம் இரண்டும் யார் பொறுப்பு என்பதை முதலில் பேசுங்கள். ஓனர் எவ்வளவு இறங்குவார் என்பது வாடகையைப் பொறுத்தது.