ஏஜென்சி பிஎஃப் கட்டவில்லை என்றால் யார் பொறுப்பு?

"அவிநாசி பக்கம் சின்ன பனியன் கம்பெனி நடத்தறேனுங்க. செக்கிங், பேக்கிங்குக்கு 18 பேரை ஒரு ஏஜென்சி அனுப்புது. பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்துத்தான் மாசாமாசம் பில்லுக்குப் பணம் தர்றேன். நாலு மாசமா பிஎஃப் ஏறலைன்னு ஆளுங்க சொல்றாங்க. மறுபடியும் நான் கட்டணுங்களா?"

கட்ட வேண்டி வரலாம். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கும் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் முதலில் செலுத்தும் கடமை முதன்மை வேலையளிப்பவரான உங்களுடையது. கட்டிய தொகையை ஏஜென்சியிடம் வசூலிக்கலாம், அதன் பில்லில் பிடிக்கவும் செய்யலாம். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் இதுதான் நிலை. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஏஜென்சிக்குத் தனி பிஎஃப் கோட் இருந்தால் அதுவே பொறுப்பு என்று வாதாடலாம், சில வழக்குகளில் நீதிமன்றம் அதை ஏற்றும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

ஒருவருக்குச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு நிர்வாகக் கட்டணம், காப்பீடு சேர்த்து 13 சதவீதம். ஆக பிஎஃப் 3,000 ரூபாய். இஎஸ்ஐ இரு பங்கும் சேர்த்து 4 சதவீதம், அதாவது 480. பதினெட்டு பேருக்கு மாதம் 62,640. நாலு மாதமும் இரண்டுமே கட்டப்படவில்லை என்றால் 2,50,560 ரூபாய், தாமதத்துக்கு வட்டி தனி. தொழிலாளி பங்கை அவர்கள் சம்பளத்தில் மறுபடி பிடிக்கக் கூடாது.

இங்கே பலரும் ஏமாறுவது செலானில்தான். ஏஜென்சி காட்டும் செலான் நிஜமாகவே இருக்கும். ஆனால் அது பல கம்பெனிகளுக்கு அனுப்பிய ஆட்களுக்கு மொத்தமாகக் கட்டியதாக இருக்கும், உங்கள் 18 பேர் அதில் இல்லாமலே போகலாம். அதனால் செலானோடு அந்த மாதத்து ECR பட்டியலையும் கேளுங்கள். அதில் ஒவ்வொருவர் பெயரும் UAN எண்ணும், எவ்வளவு சம்பளத்துக்குக் கட்டினார்கள் என்பதும் இருக்கும். உங்கள் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். 12,000 வாங்குபவருக்கு 8,000 என்று காட்டியிருந்தால் அதுவும் பாக்கியாக இருக்கலாம். நாலைந்து பேரைத் தங்கள் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொன்னால் இன்னும் தெளிவாகிவிடும்.

அதற்காக அடுத்த பில்லை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. முதலில் கைச்சம்பளம் தொழிலாளர்களுக்குப் போய்ச் சேரட்டும், முடிந்தால் நேரடியாக அவர்கள் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். அந்த மாதத்து 62,640 ரூபாயை நிறுத்தி வைத்து, அதைக் கட்டச் செய்யுங்கள். பழைய பாக்கிக்கு சேவைக் கட்டணத்தில்தான் பிடிக்க முடியும், மீதிக்கு எழுத்து மூலம் கேட்டு நோட்டீஸ் விடுங்கள். ஏஜென்சி தன் கோடிலேயே கட்டினால் நல்லது. அசையாவிட்டால் உங்கள் கோடில் அந்த 18 பேரையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். இஎஸ்ஐ பாக்கியை முதலில் முடியுங்கள். பங்களிப்பு விடுபட்ட நேரத்தில் யாருக்காவது அடிபட்டால், இஎஸ்ஐ அவருக்குத் தரும் உதவித்தொகையை உங்களிடமே வசூலிக்க வழி இருக்கிறது.