பொடுகா, வறட்சியா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஏசி ஆபீசுக்கு மாறியதிலிருந்து பொடுகு ரொம்ப அதிகம். தலை வறண்டு போச்சு, தினமும் எண்ணெய் வை என்கிறார்கள். வைக்கலாமா?

தினமும் வைக்க வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது பொடுகா, வெறும் வறட்சியா என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் பட்டவன். ஒருமுறை கருப்புச் சட்டையோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது, எல்லோர் முன்னாலும் மேலாளர் என் தோளைப் பார்த்து, "என்ன தம்பி, தலைக்குக் குளிக்கிறதே இல்லையா?" என்று கேட்டார். அன்று காலைதான் ஷாம்பூ போட்டிருந்தேன். பொடுகு அழுக்கால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நீங்களும் இப்படி ஏதாவது கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டிடம். சென்ட்ரல் ஏசி, ஜன்னல் திறக்காது. என் இருக்கைக்கு நேர் மேலே காற்று வரும் சதுரத் துவாரம். பக்கத்து இருக்கையில் திருநெல்வேலிப் பெண் ஒருவர். அந்தத் தளத்துக்கு மாறியதிலிருந்து இரண்டு பேர் தலையிலும் செதில் கொட்ட ஆரம்பித்தது. "அண்ணா, எனக்கும் உங்களுக்கும் ஒரே வியாதிதான்" என்பார். ஒரே வியாதி இல்லை.

என் தலையில் நகத்தால் சுரண்டினால் வருவது கொஞ்சம் மஞ்சளான, பெரிய செதில். நகத்திலேயே ஒட்டிக்கொள்ளும், விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும். காதுக்குப் பின்னால், புருவத்தில், மூக்கின் இரு ஓரங்களில்கூடச் சிவந்து செதில் கட்டும். அவருக்கு வந்ததோ வெள்ளையான சின்னத் தூள். ஊதினால் பறந்துவிடும். தலையில் சிவப்பே இல்லை, ஆனால் உதடும் கையும் சேர்ந்து வறண்டிருந்தன. முன்னது பொடுகு, பின்னது வறண்ட தலைத்தோல். இரண்டும் ஒரே ஏசியில் கூடின என்பதால்தான் இத்தனை குழப்பம்.

ஏசி என்ன செய்கிறது என்றால், உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் தண்ணீராக மாறி வெளியே போய்விடுகிறது. வீட்டு ஏசிக் குழாயில் சொட்டும் தண்ணீர் அதுதான். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மேஜையில் வைத்துப் பார்த்தேன். 22 டிகிரியில் 50 சதவீதத்தை ஒட்டிக் காட்டியது. "50 எல்லாம் வறட்சியா?" என்று யாராவது கேட்பீர்கள். அந்த 50, 22 டிகிரிக் காற்றுக்கான கணக்கு. தலைத்தோலின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி. அதே காற்று தோலைத் தொட்டுச் சூடேறும்போது, அந்தச் சூட்டுக்கு அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வெளியே 30 டிகிரியில் 70 சதவீதம் இருக்கும் சென்னைக் காற்றை இதே மாதிரி கணக்குப் போட்டால் 60 சதவீதத்தை ஒட்டி வரும். பாதிக்கும் குறைவு. அப்புறம், துவாரத்துக்கு நேர் கீழே இருந்தால், தோலை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றையும் வீச்சு அடித்துக்கொண்டு போய்விடும்.

தோலின் மேல் அடுக்குச் செல்கள் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் பிணைப்பை அறுக்கும் நொதிகளுக்கு ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் அவை சரியாக அறுக்காது, செல்கள் கூட்டமாகப் பெயர்ந்து கண்ணில் படும். அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். போதாததற்கு, பொடுகு என்று நினைத்து அவர் தினமும் பொடுகு ஷாம்பூ போட்டு, இருந்த கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் கழுவிவிட்டிருக்கிறார். தோல் மருத்துவர் சொல்லி, மென்மையான ஷாம்பூவுக்கு மாறி, வாரம் இரண்டு முறையோடு நிறுத்தினார். வெந்நீரை விட்டு வெதுவெதுப்பான நீருக்கு வந்தார். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி அலசினார். சரியாகிவிட்டது.

என் கதை வேறு. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்தான் அதன் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு ஓலியிக் அமிலத்தை மிச்சம் வைக்கிறது. சிலருடைய தோலுக்கு அந்த அமிலம் ஆகாது. அரிக்கும், சிவக்கும், புதுச் செல்கள் அவசரமாக வளர்ந்து செதிலாகக் கொட்டும். ஏசி இதை உண்டாக்குவதில்லை. தோலை உலர்த்தி அதன் தடுப்பைப் பலவீனமாக்குவதால், ஏற்கெனவே இருப்பது கிளம்பிவிடுகிறது. இந்த நிலையில் ராத்திரி எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தால் பூஞ்சைக்குத்தான் விருந்து. நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் ஓலியிக் அமிலமே.

எண்ணெயைப் பற்றி இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. சிவந்து, பிசுபிசுத்த செதில் இருக்கும் தலைக்கு, அது அடங்கும் வரை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ. வாரம் இரண்டு முறை, 4 வாரம். போடும் முறைதான் முக்கியம். முடியில் நுரைத்துக் கழுவினால் பிரயோஜனமில்லை. முடியை வகிர்ந்து, விரல் நுனியால் தோலில் படும்படி தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். பலர் "அந்த ஷாம்பூ கேட்கவே இல்லை" என்பதற்குக் காரணம், போட்ட உடனே தண்ணீர் ஊற்றிவிடுவதுதான். அடங்கிய பிறகும் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும். லேசான பொடுகுக்கு ஜிங்க் பைரிதியோன் ஷாம்பூவே போதும்.

இன்னொரு பாதி வேலை இருக்கையில் இருக்கிறது. பராமரிப்புப் பிரிவிடம் கேட்டு, துவாரத்தின் தகடுகளை என் பக்கம் வீசாதபடி திருப்பச் சொன்னேன். அதற்கே எத்தனை மெயில்! வெப்பநிலைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஷிப்டில் தளத்தில் பத்துப் பேர் இருந்தாலும், பகலில் முந்நூறு பேருக்கு வைத்த குளிர்தான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறோம். வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வரவேண்டும் என்று 2020இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மூடிய கட்டிடத்தில் நாள் முழுக்க உட்காருபவனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சரி, காற்று திரும்பியதும் அரிப்பு நன்றாகக் குறைந்தது. நேரடி வீச்சிலிருந்து இரண்டு இருக்கை தள்ளி உட்கார முடிந்தாலும் பலன் தெரியும்.

4 வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றாலோ, வெள்ளி நிறத் தடித்த செதில் நெற்றி ஓரத்தைத் தாண்டி வந்தாலோ, வட்டமாக முடி கொட்டினாலோ ஷாம்பூவை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். அது சோரியாசிஸாகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம், தோல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.