போர்வெல் தண்ணீரும் கன்னத்து எரிச்சலும்

"கோவையிலிருந்து பெங்களூரு வந்து ஒரு மாதம். போர்வெல் தண்ணீர், புது வேலை டென்ஷன். கன்னமெல்லாம் வறண்டு எரியுது. ஷவர் ஃபில்டர் வாங்கலாமா?"

வேண்டாங்க, காசுதான் வீண். சாதாரண ஷவர் ஃபில்டர் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம் போன்ற உப்புகளை, எடுக்காது. தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் திரியும். பக்கெட் ஓரத்தில் படியும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். அது கன்னத்திலும் தங்கி எரிச்சலூட்டும். முகத்துக்குச் சோப்பை நிறுத்திட்டு, சோப்பில்லாத, வாசனையில்லாத க்ளென்சருக்கு மாறுங்க. கடைசியாக ஒரு குவளை ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத க்ரீம் பூசுங்க. டென்ஷனில் தோல் ஆறுவது தாமதமாகும். அதனால் ஸ்க்ரப், சீரம் எதுவும் இப்போ வேண்டாம். இரண்டு வாரத்தில் அடங்கலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க. மெடிக்கலில் நீங்களாகவே ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிடாதீங்க. முகத்தில் அது தோலை மெலிய வைக்கும்.