அந்த 42 மீட்டர்

கேள்வி: அண்ணா, எனக்கு 31 வயசு. போன வருஷம் கார் ஓட்டிட்டு போறப்ப வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு, ஒரு 3 செகண்ட் குனிஞ்சு பாத்தேன், நிமிர்றதுக்குள்ள ரோட்டை கிராஸ் பண்ணிட்டிருந்த ஒரு பெரியவர் மேல மோதிட்டேன். ரெண்டு நாள்ல இறந்துட்டார். கேஸ் நடக்குது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் தினமும் ஃபோன் பாத்துட்டேதான் ஓட்றான், அவனுக்கு ஒண்ணும் ஆகல, நல்ல பையன்னு பேர். பெரியவர் அந்த நேரத்துல அங்க வந்தது என் கைல இல்லையே. அப்ப நான் செஞ்சது ஃபோன் பாத்தது மட்டுமா, இல்ல ஒரு ஆளைக் கொன்னதா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

தம்பி, ரெண்டும்தான். ஏன் அப்டி சொல்றேன்னு பொறுமையா சொல்றேன், ஏன்னா பாதி பதிலோட விட்டா நீங்க ஒண்ணு உங்களை கொலைகாரன்னு நினைச்சுட்டு அழிஞ்சு போவீங்க, இல்ல எல்லாம் விதின்னு கைய கழுவிடுவீங்க.

வண்டி 50 கிலோமீட்டர் ஸ்பீடுல போயிருந்தா 3 செகண்டுக்கு கிட்டத்தட்ட 42 மீட்டர் ஓடிருக்கும். அந்த 42 மீட்டர் ரோட்டை பாக்காம ஓட்டினது உங்க கைல இருந்த விஷயம். அதுக்குள்ள ஒரு மனுஷன் இருந்தாரா, ரோடு காலியா கெடந்துச்சான்றது உங்க கைல இல்ல. உங்க ஃப்ரெண்டும் இதே மாதிரி எத்தனையோ 42 மீட்டரை பாக்காம கடந்திருக்கான், அதுல யாரும் இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

நம்ம கைல இல்லாத அதிர்ஷ்டமும் நாம எவ்ளோ குத்தவாளின்றதை மாத்தற மாதிரி தெரியற இந்த சிக்கலைத்தான் தத்துவத்துல மாரல் லக்னு சொல்றாங்க. 1976ல பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதே தலைப்புல ஆளுக்கொரு கட்டுரை எழுதினாங்க. அதுக்கு முன்னாடி நிறைய பேர் நம்பிட்டிருந்தது, ஒருத்தன் கைல இருக்கறதுக்கு மட்டும்தான் அவனை குத்தம் சொல்லணும்னு. காண்ட்ன்ற ஜெர்மன் தத்துவவாதி 1785லயே எழுதிட்டார், நல்ல மனசு ஒண்ணுமே சாதிக்கலனாலும் ரத்தினம் மாதிரி தானே ஜொலிக்கும்னு, அதாவது விளைவு அதுக்கு ஒண்ணும் கூட்டவும் கூட்டாது கொறைக்கவும் கொறைக்காது. கேட்டா எவ்ளோ நியாயமா இருக்கு. ஆனா நாம யாரும் அப்டி வாழ்றது இல்ல. இப்ப இருக்கற கிரிமினல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவையே பாருங்க, கண்மண் தெரியாம வண்டி ஓட்டினா பிரிவு 281ல அதிகபட்சம் 6 மாசம், அதே கவனக்குறைவால ஒரு உயிர் போயிட்டா பிரிவு 106ல அதிகபட்சம் 5 வருஷம். 3 செகண்ட் அதே 3 செகண்டுதான், நடுவுல வர்ற அவ்ளோ பெரிய வித்தியாசத்துக்கு காரணம் ரோட்டுல யார் வந்தாங்கன்றது மட்டும்தான்.

சிலர் சொல்லுவாங்க, விளைவு ஒரு தடயம் மட்டும்தான், ஆள் செத்தாத்தான் ஓட்டினவன் எவ்ளோ அலட்சியம்னு நமக்கு தெரிய வருது, அதனாலதான் அதிகமா திட்றோம்னு. உங்க விஷயத்துல இது நிக்காது. உங்க அலட்சியம் எவ்ளோ, ஃப்ரெண்டோட அலட்சியம் எவ்ளோன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும், இன்னும் கேட்டா அவன்துதான் ஜாஸ்தி, அப்பவும் உங்களுக்கு அவனை விட பாரமா இருக்குல்ல.

சரி, அப்ப விளைவை கணக்குல இருந்து எடுத்துடலாம், ஃபோன் பாத்ததுக்கு மட்டும் பொறுப்புன்னு வெச்சுக்கலாம்னு தோணும். நேகல் காட்டின சிக்கல் இங்கதான் இருக்கு. எடுக்க ஆரம்பிச்சா எங்க நிறுத்துவீங்க? மெசேஜ் சரியா அந்த நிமிஷம் வந்ததும் உங்க கைல இல்ல, அதையும் எடுங்க. சத்தம் கேட்ட உடனே கை ஃபோனுக்கு போற பழக்கம், பொறுமை இல்லாத சுபாவம், அதெல்லாம் எந்த வீட்ல எப்டி வளந்தோம்ன்றதுல இருந்து வருது, அதுவும் முழுசா நீங்க தேர்ந்தெடுத்தது இல்ல, அதையும் எடுங்க. இப்டியே ஒவ்வொண்ணா உரிச்சிட்டே போனா வெங்காயம் மாதிரி கடைசில பொறுப்பேத்துக்க ஒரு ஆளே மிஞ்ச மாட்டான். கைல இருக்கறதுக்கு மட்டும்தான் பொறுப்புன்ற ரூலை கடைசி வரைக்கும் நேர்மையா புடிச்சா எதுக்குமே யாரும் பொறுப்பு இல்லன்னு ஆயிடுது. பாதில நிறுத்தினா, ஏன் அந்த எடத்துல நிறுத்தினீங்கன்றதுக்கு பதில் இல்ல.

எனக்கு சரின்னு படறது மைக்கேல் சிம்மர்மன்னு ஒருத்தர் சொன்ன பிரிவினை. ஒருத்தன் எவ்ளோ குத்தவாளின்றது ஒரு கேள்வி, எதுக்கெல்லாம் பொறுப்புன்றது வேற கேள்வி. முதல் கேள்வில உங்க ஃப்ரெண்டு ஒரு துளி கூட உங்களை விட நல்லவன் இல்ல. ரெண்டாவதுல உங்க கணக்குல ஒரு உயிர் இருக்கு, அவன் கணக்குல இல்ல. அதனால கொன்னேனான்னு கேட்டா ஆமா, உங்க வண்டிதான் அவரை கொன்னுச்சு, அதை நீங்கதான் ஓட்டினீங்க. கொலைகாரனான்னு கேட்டா இல்ல, சாகடிக்கணும்னு நினைச்சு செய்யறவனோட குத்தம் வேற, உங்க குத்தம் 3 செகண்ட் அலட்சியத்தோட அளவுதான், அந்த அளவை பெரியவரோட சாவு கூட்டல.

ஆனா இந்த பிரிவினை மனசுல இருக்கற எல்லாத்தையும் சொல்லிடுதுன்னு நான் நினைக்கல. வில்லியம்ஸ் ஒரு லாரி டிரைவரை பத்தி சொல்றார், அவன் மேல ஒரு தப்பும் இல்ல, ஒரு கொழந்தை அடிபட்டு செத்துப்போச்சு. சுத்தி இருக்கறவங்க உன் தப்பில்லப்பான்னு ஆறுதல் சொல்லுவாங்க, சொல்லணும், ஆனா அவன் அதை கேட்டு டக்குனு சரியாயிட்டா அவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். பாத்துட்டு நின்னவனோட வருத்தமும் ஓட்டினவனோட வருத்தமும் ஒண்ணில்ல. நமக்கு இது புதுசே இல்ல, மனுநீதிச் சோழன் கதைல ராஜா செஞ்ச நியாயத்தையே எல்லாரும் பேசறோம், தேர் ஓட்டின பையனை யாரும் நினைச்சு பாக்கறது இல்ல. கன்னுக்குட்டி தானா துள்ளி வந்து சக்கரத்துல விழுந்துச்சு, அவன் பாக்கவே இல்ல, அப்பவும் அவன் துடிச்சுப்போய், அப்பா காதுக்கு போறதுக்கு முன்னாடி பரிகாரம் ஏதாவது இருந்தா செய்யணும்னுதான் தவிக்கறான். அவனை முட்டாள்னு யாருக்காவது தோணுமா?

உங்ககிட்ட குத்த உணர்ச்சியும் இந்த மாதிரி துக்கமும் கலந்து கெடக்கு. லாரி டிரைவர் மாதிரி நீங்க தப்பே பண்ணாதவர் இல்ல, அதனால அவனுக்கு கெடைக்கற ஆறுதலை அப்டியே எடுத்துக்காதீங்க. ஃபோன் பாத்ததுக்கு குத்த உணர்ச்சி சரி, அது ஓட்றப்ப ஃபோனை டேஷ்போர்டு உள்ள போட்டு மூடறதுல போய் முடியணும். பெரியவருக்காக வர்ற துக்கம் வேற, அது உங்க கூடவே இருக்கும், அதுக்கு நீங்க கெட்டவன்னு அர்த்தம் இல்ல.

கேஸ் நடக்கறதால அந்த வீட்டுக்கு போறது, பணம் குடுக்கறது எதா இருந்தாலும் லாயரை கேட்டுட்டு செய்ங்க. ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்றேன். அந்த குடும்பம் விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துல கேக்கற தொகை, செத்தவர் மேலயும் தப்பு இருக்குன்னு ஆனா அந்த அளவுக்கு கொறையும். அதனால பெரியவர் திடீர்னு குறுக்க பாஞ்சுட்டார்னு சொல்லுங்கன்னு யாராவது உங்களுக்கு சொல்லிக்குடுக்கலாம். கிரிமினல் கேஸ்ல உங்களுக்கு எதிரா நீங்களே பேச வேண்டியது இல்ல, அது உங்க உரிமை, ஆனா அதை மட்டும் சொல்லாதீங்க. அவர் எப்டி வந்தார்னு உங்களுக்கு தெரியாது தம்பி, உங்க கண்ணு அப்ப ஃபோன்ல இருந்துச்சு.