கடித்த நாயைக் கருணைக்கொலை செய்ய டாக்டர் மறுக்கலாமா?

"குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம். நாலு வயது அல்சேஷன் கலப்பு நாய் ஒன்று வளர்க்கிறோம். போன சனிக்கிழமை விடியற்காலை பால் வெட்ட வந்த அண்ணனைக் கையில் கடித்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டு வருகிறார். நாயை ஊசி போட்டு முடித்துவிடு என்கிறார் அப்பா. கால்நடை டாக்டரோ, நாய் நன்றாகத்தான் இருக்கிறது, முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் நாய், காசும் நாங்கள் கொடுக்கிறோம். மறுக்க அவருக்கு உரிமை உண்டா?"

உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும். இந்த வாரம் அந்த நாய் உயிரோடு இருப்பது முதலில் கடிபட்டவருக்குத்தான் தேவை.

வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலுக்கு வருவது, நோய்க்குறி வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்புதான். குறி தெரிந்துவிட்டால் நாய் அதிக நாள் தாங்காது. அதனால் கடித்த நாளிலிருந்து 10 நாள் கழித்தும் நாய் நல்லபடியாக இருந்தால், அந்தக் கடியில் கிருமி இறங்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நாயைக் கொன்றுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். பிறகு தலையை அறுத்து, மூளையை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டால் அதுவும் போயிற்று. உங்கள் டாக்டர் வேறு எதையும் யோசிக்காமல் இந்த ஒரு காரணத்துக்காக மறுத்திருந்தாலும் அது சரியே.

ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடரலாம் என்று அந்த அண்ணன் நிறுத்திவிடக்கூடாது. அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசி கடித்த அன்றும், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களிலும் வரும். அதில் மாற்றம் வேண்டுமா என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருந்தாலும் கண்காணிப்பு உண்டு. கட்டிப்போட்டு, ஒரே ஆள் சோறு தண்ணீர் வைக்கட்டும். குரைக்கும் குரல் மாறினால், கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகினால், மண்ணையும் கட்டையையும் கடித்தால், இருட்டில் போய் ஒதுங்கினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போல நாய் திணறினால், எடுத்துவிடலாம் என்று யாரும் வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோயில் தொண்டை செயலிழக்கும்போது பார்க்க அப்படித்தான் இருக்கும்.

சரி, பதினோராம் நாளும் நாய் ஆரோக்கியமாக இருக்கிறது, அப்பாவும் அதையே சொல்கிறார் என்றால்?

உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் டாக்டர் உங்கள் நாயைத் தொட முடியாது. அது உங்கள் அதிகாரம். அந்தச் சம்மதம் ஒரு அனுமதி மட்டுமே, கட்டளை ஆகாது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற ஒருவர் தன் மருத்துவ முடிவுக்குத் தானே பொறுப்பு. காசு கொடுப்பவர் சிகிச்சையைக் கேட்கலாம், முடிவைக் கேட்க முடியாது. தேவையில்லாத அறுவை சிகிச்சையைப் பணம் கொடுத்துக் கேட்டால் எந்த டாக்டரும் செய்யமாட்டார் அல்லவா?

சட்டத்தில் இங்கே ஒரு இடைவெளி இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு குரூரமாகக் கொல்வதையும், நியாயமில்லாமல் கெடுதியான மருந்து கொடுப்பதையும் குற்றம் என்கிறது. "ஆரோக்கியமான சொந்த நாயை வலியில்லாமல் கொல்லக்கூடாது" என்று நேரடியாக ஒரு வரி அதில் இல்லை. எது நியாயம், எது அநியாயம் என்று அந்த இடத்தில் எடைபோடுவது பெரும்பாலும் கால்நடை மருத்துவர்தான். அவர் கையெழுத்துப் போட்டால் பிறகு பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மறுப்பதற்கு அது போதுமான காரணம்.

நானாக இருந்தால் நாயை நன்றாகச் சோதித்த பிறகுதான் பேசுவேன். பெரிய நாய் திடீரென்று கடித்தால் முதலில் வலியைத் தேடுவோம். நம் மழைக்காலத்தில் காதுக்குள் சீழ் வைப்பது சாதாரணம். அல்சேஷன் வகைக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும். அடுத்தது சூழ்நிலை. விடியற்காலை நாலு மணி, நாய் அவிழ்த்துவிட்டிருக்கிறது, தலையில் லைட்டும் கையில் கத்தியுமாக ஒருவர் மரத்துக்கு மரம் நடக்கிறார். முகம் தெரியாது, வெளிச்சம் மட்டும் நாயின் கண்ணில் அடிக்கும். காவலுக்கென்று அவிழ்த்துவிட்ட நாய் காவல் காத்திருக்கிறது, அவ்வளவுதான். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாயாக இருந்தால் இன்னும் மோசம். குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறிக் கட்டிவைப்பதும், கட்டியே வளர்க்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் அதே 11ஆவது பிரிவில் குற்றங்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட நாய்க்கு வழி இருக்கிறது. பால் வெட்டுகிறவர் வரும் முன் கம்பிக்கூட்டில் அடைத்துவிடுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது கூடை போன்ற வாய்ப்பூட்டு போடுங்கள். அதில் மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணியால் வாயை இறுக்கிக் கட்டினால் நம் வெயிலில் நாய்க்கு மூச்சு முட்டும். பகலில் அந்த அண்ணன் கையாலேயே சில நாள் தீனி போடவைப்பதெல்லாம் அவருக்கு மனமிருந்தால் மட்டும், அதுவும் கம்பிக்கு வெளியே நின்று.

எந்த நிலையில் நான் சம்மதிப்பேன்? தூண்டுதல் இல்லாமல் திரும்பத் திரும்ப, ஆழமாக, வீட்டு ஆட்களையே கடிக்கிறது, சோதித்ததில் நோயும் இல்லை, பயிற்சியும் கூட்டில் அடைப்பதும் பலன் தரவில்லை, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால், அந்த வேண்டுகோளை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். அப்போது முதலில் தூக்க ஊசி, பிறகு ரத்தக்குழாய் வழியாக அதிக அளவு மயக்க மருந்து. ஒரே ஒரு தடவை, இருட்டில், அந்நியரைக் கடித்த உங்கள் நாய் அந்த வரிசையில் வராது.

டாக்டர் மறுத்துவிட்டார் என்று வாழைக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தைச் சோற்றில் பிசைந்து வைத்தால் அது சித்திரவதை, வதைத் தடுப்புச் சட்டத்தில் நேரடிக் குற்றம். பக்கத்து வீட்டு நாயோ ஆடோ அதைத் தின்று செத்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவும் வரும், 5 ஆண்டு வரை சிறை. சந்தைப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து, நாய் பட்டினி கிடந்தாலும் குற்றம்தான். வேறு யாருக்காவது கொடுப்பதானால் கடித்த விஷயத்தைச் சொல்லிவிட்டு, கைமாறியதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த நாயின் மேல் அப்பாவுக்குச் சொல் இல்லை.

கடிபட்டவர் விஷயம் தனி. நாயைக் கொன்றாலும் கொல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு குறையாது. ஆபத்து வரும் என்று தெரிந்தும் விலங்கைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் அதே சன்ஹிதாவின் 291ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. மருந்துச் செலவையும், வேலைக்கு வர முடியாத நாட்களின் கூலியையும் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது டாக்டரிடம் போக நினைத்தால் தாராளமாகப் போகலாம். முதல் டாக்டரின் சீட்டு, தடுப்பூசி அட்டை, கடித்த தேதி மூன்றும் கையில் இருக்கட்டும்.